அடியைத் திருப்பிக் காட்டும்மா!

வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குக் காட்டுவதுதான் என் வேலை. மோந்து பார்த்து வாங்க வேண்டிய பழத்தைப் படத்தில் பார்த்து வாங்குவது எப்படி என்று ஒருநாள் நானே எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் வீட்டில் அன்னாசி வாங்குவது அப்பாவின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளான் சந்தைக்குப் போனால், பழத்தைத் தூக்கி, திருப்பி, அடியை மூக்கருகே கொண்டுபோய், ஒரு தட்டுத் தட்டி, 'ம்' என்பார். அந்த 'ம்' வந்துவிட்டால் பழம் பைக்குள் போய்விடும். என்ன பார்த்தார், எதை மோந்தார் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவர் போன பதினாறாம் நாள் கருமாதிக்கு, அவருக்கு உயிரான அன்னாசி பஜ்ரியைப் படைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். சந்தைக்குப் போக யாருக்கும் நேரமில்லை. முகநூலில் பழம் விற்கும் ஒருவரிடம் பன்னிரண்டு பழம் சொல்லிவிட்டேன். அவர் அனுப்பிய படத்தில் பன்னிரண்டும் தங்கத்தை உருக்கி ஊற்றியதுபோல் மினுங்கின. வந்ததும் அப்படித்தான் மினுங்கின. வெட்டினால் சதை வெளிறிக் கிடந்தது. சர்க்கரையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தும் புளிப்பு அடங்கவில்லை. மூன்று பழங்களில் நடுத்தண்டைச் சுற்றிக் கறுப்பு வேறு. இலையில் பரிமாறியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் இரவு பாத்திரம் கழுவும்போது, "அவருக்குப் படைச்ச பஜ்ரியே புளிச்சுப் போச்சே" என்றார்.

முதலாமாண்டுத் திதி நெருங்கியபோது எனக்கு அந்த ஒரு வரிதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அம்மாவுக்கு முட்டிவலி. கிள்ளான் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. நான் வேலைக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். நான் கடையில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும். திதிக்கு முன் இரண்டு மாதம், சனிக்கிழமை தோறும் இந்தப் பயிற்சி நடந்தது. துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறம் பழக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்களுக்கு மூன்றாவது கூட்டாளி. இளமையில் ஜொகூரில் அன்னாசித் தோட்டத்தில் வெட்டுக்காரராக இருந்தவர். அப்பா வாய் திறந்து சொல்லாததில் பாதியை அம்மா நினைவிலிருந்து எடுத்தார், மீதியை அந்த அண்ணன் சொன்னார்.

அவர் சொன்ன முதல் விஷயமே என் தலையில் குட்டியது. "வாங்கிட்டுப் போய் வெச்சா பழுத்துடும்னு நெனைக்கிறீங்க, இல்ல? வாழைதான் அப்படி. இது வெட்டுன அன்னிக்கு எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான்."

உண்மைதான். வாழைக்காய் தனக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். மரத்தை விட்டுப் பிரிந்த பிறகு அந்த மாவுதான் சர்க்கரையாகிறது. அன்னாசியிடம் அப்படிச் சேமிப்பு கிடையாது. இலைகள் தயாரிக்கும் சர்க்கரை தண்டு வழியாக நேராகப் பழத்துக்கு வருகிறது. தண்டை வெட்டினால் குழாயை அடைத்த மாதிரி. அதன்பின் தோல் மஞ்சளாகும், சதை மென்மையாகும், புளிப்புகூடக் கொஞ்சம் குறைந்ததுபோல் தோன்றலாம். ஆனால், இனிப்பு ஏறாது. அடுப்பங்கரையில் மூன்று நாள் வைத்த பழம் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். அனைத்துலக உணவுத் தரமான கோடெக்ஸ், அன்னாசிச் சதையில் குறைந்தது 12 பிரிக்ஸ் கரைபொருள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கரைபொருளில் பெரும்பகுதி சர்க்கரைதான். அந்த 12-ஐச் செடியிலேயே எட்டியிருக்க வேண்டும்.

ஆகவே படத்தில் நாம் தேடுவது, 'இது எப்போது பழுக்கும்' என்பதை அல்ல. 'வெட்டும்போது இது முற்றியிருந்ததா, வெட்டி எத்தனை நாளாயிற்று' என்ற இரண்டை மட்டும்தான். முதல் கேள்விக்குக் கண்களும் தோலும் பதில் சொல்லும். இரண்டாவதற்குக் கொண்டையும் அடியும்.

முதலில் பெயரைக் கேளுங்கள்

நான் அனுப்பிய முதல் படத்தைப் பார்த்ததும் அம்மாவின் குரல் பதிவு வந்தது. "இது என்னா ஜாதி? அதக் கேக்காம நெறத்த என்னாத்துக்குப் பாக்குறே?"

நம் ஊர்ச் சந்தையில் 'அன்னாசி' என்ற ஒரே பெயரில் நான்கைந்து பழங்கள் படுத்திருக்கின்றன. மோரிஸ் சிறியது, கண்கள் குழிந்தவை, கொண்டை இலையின் ஓரம் முழுக்க ரம்பம் போல முள். பழுத்தால் நல்ல பொன் மஞ்சள். சரவாக் பெரியது, கனமானது; இலை ஓரம் வழவழப்பு. மேல்பாதி பச்சையாக இருக்கும்போதே கீழ்ப்பாதி தின்னத் தயாராக இருக்கும். ஜோசபைன், மார்டி ஆராய்ச்சிக் கழகம் 1996-இல் வெளியிட்ட ஒட்டு ரகம். ஜொகூர், சரவாக் என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியதால்தான் அந்தப் பெயர். காயாக இருக்கும்போது கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த தோல், பழுத்தால் செம்மஞ்சள். இதைப் படத்தில் பார்த்து 'அழுகல்' என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி.

எம்டி2 என்பது ஹவாயில் உருவான ரகம். இப்போது பேரங்காடிகளில் அதிகம் கிடைக்கிறது. உருளை வடிவம், தட்டையான கண்கள். இதுதான் எல்லாரையும் குழப்பும், ஏனென்றால் தோல் நன்றாகப் பச்சையாக இருக்கும்போதே உள்ளே மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். அப்பா காலத்து விதிகள் மோரிஸையும் சரவாக்கையும் வைத்து எழுதப்பட்டவை. எம்டி2 வந்து அவற்றைப் புரட்டிப் போட்டுவிட்டது. அம்மா இதை ஒப்புக்கொள்ளவே மூன்று சனிக்கிழமை ஆனது.

கண்ணைப் பார், நிறத்தை அப்புறம் பார்

தோலில் இருக்கும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் ஒட்டிக்கொண்டு ஒரே பழமாகின்றன. அந்தப் பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. கீழ் வரிசை முதலில், பிறகு மேலே மேலே என்று சில வாரம் எடுக்கும். அதனால் பழத்தின் அடிப்பகுதிக்கு வயது அதிகம், உச்சிக்குக் குறைவு. அடித்துண்டு இனித்து, கொண்டைப் பக்கத்துத் துண்டு புளிப்பதற்கு இதுதான் காரணம். வீட்டில் தெரிந்தவர்கள் விருந்தாளிக்கு எந்தத் துண்டை வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காயாக இருக்கும் கண்ணின் நடு மேடிட்டுக் கூராக நிற்கும். அதன்மேல் ஒரு சிறு செதில் இலை விறைப்பாக மூடியிருக்கும். முற்ற முற்ற கண் அகலமாகும், மேடு தணிந்து தட்டையாகும், கண்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம் நிரம்பும், செதில் காய்ந்து பழுப்பேறிச் சுருங்கும். இந்த மாற்றமும் கீழிருந்தே மேலே ஏறும். ஆகவே ஒரே ஒரு கண்ணைப் பார்க்கக் கூடாது. தட்டையான கண்கள் எத்தனையாவது வரிசை வரை ஏறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பாதி உயரத்தைத் தாண்டியிருந்தால் தின்னலாம். அடியில் இரண்டு மூன்று வரிசை மட்டும் என்றால் இன்னும் சில நாள் செடியில் இருந்திருக்க வேண்டிய பழம். ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: மோரிஸின் கண் பழுத்த பிறகும் குழிவாகவே இருக்கும். அதில் கண்ணின் அகலத்தையும் செதில் காய்ந்திருப்பதையும் பார்ப்பது நல்லது.

நிறத்தைவிடக் கண்ணை நம்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எத்திஃபான் என்று ஒரு மருந்து உண்டு. தோட்டத்தில் எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூக்கட்டும் என்று தெளிப்பார்கள். அது எல்லாரும் செய்யும் வழக்கமான விவசாய வேலை. அதையே அறுவடைக்குச் சில நாள் முன்பும் தெளிக்கலாம். அப்போது தோலின் பச்சை மறைந்து பழம் முழுக்க ஒரே சீராக மஞ்சளாகிவிடும். முற்றிய பழத்துக்குச் செய்தால் பாதகமில்லை. முற்றாத பழத்துக்குச் செய்தால் சட்டை மட்டும்தான் மாறும்; உள்ளே சர்க்கரை வந்து சேர்ந்திருக்காது. கருமாதிக்கு வந்த பன்னிரண்டு பழத்தின் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிறது: அடியிலிருந்து உச்சி வரை ஒரே மஞ்சள், ஆனால் கண்களெல்லாம் கூராக நிற்கின்றன. அன்று நான் நிறத்தைத்தான் பார்த்தேன்.

இயற்கையாகப் பழுத்த பழம் இப்படி ஒரே சாயம் பூசியதுபோல் இருக்காது. அடிக்கண்களின் இடுக்கில் முதலில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிறகு கண்ணுக்குப் பரவும், பிறகு அடுத்த வரிசைக்கு ஏறும். கீழே அடர்த்தியாகவும் மேலே போகப் போகப் பச்சையாகவும் இருப்பதே நம்பத் தகுந்த பழம். நம் நாட்டு வேளாண் சந்தை வாரியமான ஃபாமா, தோல் நிறத்தைப் படிப்படியாகப் பிரித்து எண் கொடுத்து முதிர்ச்சி அட்டவணைகள் வெளியிட்டிருக்கிறது. ரகத்துக்கு ரகம் அட்டவணை வேறு. ஜோசபைன் அட்டவணையை வைத்து எம்டி2-ஐப் பார்த்தால் எல்லாமே தப்பாகும்.

படம் பொய் சொல்லும் இடங்கள்

கண்ணைப் பார்க்கலாம் என்று முடிவானதும் அடுத்த சிக்கல். நான் முதலில் அனுப்பிய படங்களில் எல்லாப் பழமும் தட்டைக் கண்ணோடு தெரிந்தன. கடையில் இருட்டு என்று ஃபிளாஷ் போட்டிருந்தேன். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தால் நிழலே விழாது. மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். கூரான கண்ணும் சப்பையாகத் தெரியும். ஃபிளாஷை அணைத்து, பழத்தைக் கடை வாசல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் ஒரு பக்கமாக வரும்படி வைத்து எடுத்தபோது, ஒவ்வொரு மேட்டின் மறுபக்கத்திலும் பிறை போல நிழல் விழுந்தது. நிழல் பெரிதாக இருந்தால் கண் கூர். நிழல் மெலிந்திருந்தால் தட்டை. இதற்குப் பிறகுதான் அம்மாவால் படத்தைப் பார்த்துத் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

நிறத்தில் இன்னொரு ஏமாற்று. பாசார் மாலாமில் சிவப்புக் கூடாரத்துக்குக் கீழே எந்தக் காயும் பழுத்துவிடும். மஞ்சள் குண்டு விளக்குக்கும் அதே குணம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நல்ல பழமும் காயாகத் தெரியும். கைபேசியும் தன் பங்குக்கு நிறத்தைக் கூட்டும். பழத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். நான் கடை ரசீதின் பின்பக்கத்தை வைப்பேன். படத்தில் அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால், பழத்தின் மஞ்சளில் பாதி விளக்குடையது.

விற்பவர் அனுப்பும் படத்தில் எப்போதும் ஒரே பக்கம்தான் இருக்கும், வெயில் பட்ட பக்கம். மறுபக்கம் பச்சையாக இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால், வெயில் பட்ட பக்கத்தில் வெளிறிய, தோல் சுட்டதுபோன்ற திட்டு இருந்தால் அது பழுத்த மஞ்சள் அல்ல, வெயில் காயம். அதனால் மறுபக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். மேலேயிருந்து குனிந்து எடுத்த படம் வேண்டாம். கொண்டை பெரிதாகவும் பழம் சின்னதாகவும் தெரியும், முக்கியமான அடி வரிசைகள் மறைந்துபோகும். பழத்தின் இடுப்பு உயரத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும். நடைபாதையில் குந்தி உட்கார்ந்து அன்னாசியைப் படம் பிடிக்கும் வானொலி அறிவிப்பாளரைப் பார்த்துச் சிலர் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

ஒலிக்காரி என்ற கர்வத்தில் ஒருநாள் பழத்தைத் தட்டி அந்த ஓசையைக் குரல் பதிவாக அனுப்பினேன். அம்மா திருப்பி அனுப்பியது: "என்னா கதவத் தட்டுறே?" கைபேசி, மனிதக் குரலைத் தவிர மற்றதை இரைச்சலென்று நினைத்து நசுக்கிவிடுகிறது. அந்த முயற்சி அத்தோடு போனது.

கொண்டையும் அடியும்

கொண்டை பச்சையாக இருந்தால் பழம் இனிக்கும் என்று நினைப்போம். கொண்டைக்கும் இனிப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அது நாள்காட்டி. வெட்டி ஓரிரு நாளான பழத்தின் கொண்டை விறைப்பாக, பச்சையாக இருக்கும். நாளாக ஆக நுனி காயும், நிறம் மங்கும், வெளி இலை தொய்யும். நடு இலை ஒன்றைப் பிடுங்கினால் சுலபமாக வர வேண்டும் என்று ஒரு பழைய சோதனை உண்டு. அண்ணன் சிரித்தார். "காயிலயும் வரும், அழுகுனதுலயும் வரும்." கொண்டையை வெட்டி விற்றால் சந்தேகப்பட வேண்டுமா? நடுவதற்காக எடுப்பவர்களும் உண்டு, காய்ந்ததை மறைக்க எடுப்பவர்களும் உண்டு. அப்போது பழத்தின் வயதுக்குச் சாட்சி அடி மட்டும்தான்.

அம்மா ஒவ்வொரு படத்துக்கும் தவறாமல் கேட்டது அதைத்தான். "அடியத் திருப்பிக் காட்டும்மா." விற்பவர்கள் யாரும் தாமாக அனுப்பாத படம் அது. அடியில் காம்பை வெட்டிய வட்டம் இருக்கும். வெளிர் நிறத்தில் கொஞ்சம் ஈரப்பசையோடு இருந்தால் புதிது. காய்ந்து பழுப்பாக, கெட்டியாக இருந்தால் சில நாளாயிற்று, ஆனாலும் தின்னலாம். வட்டத்தைச் சுற்றிக் கருமையாக, நீர் கோத்தாற்போல் ஒரு வளையம் தெரிந்தால் தள்ளி வையுங்கள். கரும் அழுகல் என்ற பூஞ்சை நோய், பெரும்பாலும் இந்த வெட்டு வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. முதலில் சதையை நீராக்கும், பிறகு கறுக்க வைக்கும். வெளியே சின்ன வளையம் தெரியும்போது உள்ளே அடித்துண்டு, அதாவது இனிப்பான துண்டு, போயிருக்கும். கண்களின் வெடிப்பில் சாறு கசிந்து நுரைத்திருந்தால் அது புளித்துப் பொங்க ஆரம்பித்துவிட்டது. படத்தில் இந்தக் கசிவு பளபளப்பாக, பழத்தை அழகாக்கிக் காட்டும் என்பதுதான் வேடிக்கை.

திதிக்கு முந்திய நாள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடையில் நின்றேன். நாற்பது பேருக்குப் பஜ்ரி, அதுபோக அப்பாவின் படத்துக்கு முன் வைக்க முழுப் பழம். பஜ்ரிக்கு முற்றும் பழுத்தது கூடாது. பட்டை, அன்னாசிப்பூ, மிளகாய் விழுது, வறுத்தரைத்த தேங்காய்க் கெரிசிக் எல்லாம் சேர்ந்து கொதிக்கும்போது அது கரைந்து குழம்பாகிவிடும். முக்கால் பழுத்தது வேண்டும்: இனிப்பும் இருக்க வேண்டும், துண்டும் நிற்க வேண்டும்.

முதல் படம், அடி முதல் முடி வரை பொன் மஞ்சளான ஒரு பழம். கொண்டை புதிது, காம்பு வெளிர். பக்க வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கண்களுக்குப் பின்னால் கறுத்த பிறைகள். செதில்கள் விறைப்பாக. "அதே பழம்!" என்றார் அம்மா. கருமாதிப் பழம் என்று அர்த்தம். சோதித்துப் பார்க்க ஒன்றை மட்டும் வாங்கினேன்.

இரண்டாவது, ஜோசபைன். கீழ்ப்பாதி செம்மஞ்சள், மேல்பாதி இன்னும் கருஞ்சிவப்பு. தட்டைக் கண்கள் பாதியைத் தாண்டி ஏறியிருந்தன. வெட்டு வாய் வெளிர் மஞ்சள். அம்மா கேட்டது ஒன்றுதான்: "எத்தன இருக்கு?" அதே குவியலில் எட்டைப் பொறுக்கினோம், ஒவ்வொன்றின் அடியையும் காட்டினேன்.

மூன்றாவது, எம்டி2. முழுக்கப் பச்சை, அடிக்கண் இடுக்கில் மட்டும் மஞ்சள் கீற்று. அம்மா, "காயி" என்றார். ஆனால் கண்கள் மேலிருந்து கீழ்வரை அகன்று தட்டையாகியிருந்தன. அண்ணன் கையிலிருந்த கத்தியால் ஒன்றை அங்கேயே பிளந்தார். உள்ளே நல்ல மஞ்சள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "ஒன்னு எடு" என்று மட்டும் வந்தது.

நான்காவது மோரிஸ், பார்க்கப் பார்க்க ஆசை தரும் செம்பொன் நிறம். படத்துக்கு முன் வைக்க இதுதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அடியைத் திருப்பினால் காம்பைச் சுற்றிக் கறுத்த ஈர வளையம், ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. படம் அனுப்பவே தேவைப்படவில்லை. அண்ணனே வாங்கிக் கழிவுக் கூடையில் போட்டார்.

ஐந்தாவது, வேறொரு கடையில் பார்த்த பெரிய சரவாக் பழம். கொண்டை நிமிர்ந்து பச்சையாக, கீழ்ப்பாதி மஞ்சள், கண்கள் பரந்து, அடி காய்ந்து சுத்தமாக. பாடப்புத்தகத்தில் போடலாம். "அப்பா இதத்தான் எடுப்பாரு" என்றார் அம்மா.

மாலை கொமுட்டர் ரயிலில் இரண்டு பைகளோடு கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். பெட்டி முழுக்க அன்னாசி வாசம்; எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பாட்டி, "வாங்கி" என்று சிரித்தார்.

மறுநாள் காலை வெட்டினோம். சோதனைக்கு வாங்கிய பொன் பழம் வெளிறி, பல் கூசும் புளிப்பு. அம்மாவுக்கு அதில் ஏனோ ஒரு திருப்தி. எட்டு ஜோசபைனில் ஏழு நன்றாக இருந்தன. ஒன்றின் மேல்பாதி மட்டும் புளிப்பு, அதை வெட்டித் தனியே வைத்துவிட்டோம். பச்சை எம்டி2 எல்லாவற்றையும்விட இனித்தது. அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

படையல் முடிந்த பிறகுதான் அந்தச் சரவாக் பழத்தைப் பிளந்தோம். நடுத்தண்டையொட்டிக் காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. கருமாதிக்கு வந்த மூன்று பழத்தில் பார்த்த அதே கறுப்பு.

இதைக் கறுப்பு இதயம் என்பார்கள். பூஞ்சை அல்ல, குளிர் செய்யும் வேலை. முழுப் பழத்தைச் சுமார் 10 பாகைக்குக் கீழே சில நாள் வைத்து, மீண்டும் வெளிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உட்புறம் இப்படிப் பழுப்பாகும். சரவாக் வகைக்கும் மோரிஸுக்கும் இது சுலபமாக வரும். ஜோசபைன் நன்றாகத் தாங்கும். வெளித்தோலில் அடையாளம் எதுவும் வராது. கொண்டை, கண், நிறம், அடி நான்கையும் எத்தனை படம் எடுத்தாலும் தெரியாது. விற்றவரிடம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி, 'இது குளிர் அறையில் இருந்ததா' என்பது. நான் கேட்கவில்லை. நம் வீட்டுக் குளிர்பெட்டியும் இதையே செய்யும். அதனால் முழுப் பழத்தை நாள்கணக்கில் உள்ளே வைக்காதீர்கள். வெளியே வைத்திருந்து இரண்டு மூன்று நாளுக்குள் வெட்டி, துண்டுகளை டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள்.

கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, ஓரத்துச் சதையை அம்மா ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்தார். அது இனிப்பாகவே இருந்தது. பஜ்ரிப் பாத்திரம் பந்தி முடியும் முன்பே காலி. சித்தப்பா வழித்துச் சாப்பிட்டுக் கொண்டே, "அண்ணன் வாங்குன பழம் மாதிரியே இருக்கு" என்றார்.

அன்று இரவு பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பும் ரயிலில் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்த அன்னாசியாம். ஃபிளாஷ் இல்லை, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அடுத்த படம் அடி. கீழே ஒரு வரி: 'நீ சொல்லு பாப்போம்.'